ஜெயில்ல தனி செல்லுல போட்டுட்டாங்களா? காரைக்குடி, தேவகோட்டை பக்கத்து குடும்பங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நான் சட்ட உதவி தன்னார்வலரா நம்ம பக்கம் வேலை பாக்குறேன். மதுரை ஜெயிலுக்கு மனு பாக்க, அதாவது உள்ள இருக்குறவங்கள நேர்ல பாக்க, போயிட்டு வர்றவங்க பஸ் விட்டு எறங்குன கையோட போன் பண்ணி கேக்குறதெல்லாம் இங்க சேத்து வச்சிருக்கேன், கேள்விய அவங்க கேட்ட மாதிரியேதான் போட்டிருக்கேன்.

அண்ணே, என் தம்பிய தனி செல்லுல போட்டுட்டாங்களாம். எத்தனை நாள் அப்படி வச்சிருக்கலாம்?

தண்டனையா போட்டிருந்தா ஒரே தடவைல அதிகபட்சம் 14 நாள். முதல்ல இந்த 14 நம்பர மனசுல போட்டுக்குங்க, மத்ததெல்லாம் இதுலேர்ந்துதான் வரும்.

கொஞ்சம் விவரமா சொல்றேன். இன்னிக்கும் ஜெயிலுக்கு அடிப்படை சட்டம் 1894ல வெள்ளக்காரன் போட்ட சிறைகள் சட்டம்தான், அதுக்கு மேல நம்ம மாநிலத்துக்கு 1983 தமிழ்நாடு சிறை விதிகள் இருக்கு. அந்த 1894 சட்டத்துல 46வது பிரிவுலதான் ஜெயிலுக்குள்ள தப்பு பண்ணுனா என்னென்ன தண்டனை குடுக்கலாம்னு வரிசையா போட்டிருக்கு. முறைப்படி எச்சரிக்கை குடுத்து பதிவு பண்றது, வேலைய மாத்தி கஷ்டமான வேலை குடுக்குறது, ரெமிஷன், அதாவது தண்டனை நாள குறைக்கிற சலுகைய வெட்டுறது இப்படி போயி கடைசில தனியா அடைக்குறதுல ரெண்டு வகை வருது.

ஒண்ணு செல் அடைப்பு. மத்த கைதிங்களோட பேச்சே கிடையாது, ஆனா அவங்க கண்ணுக்கு தெரியுற எடத்துலதான் இருக்கணும். இதுக்குத்தான் 14 நாள் கணக்கு. இன்னொண்ணு பிரிச்சு வைக்கிறது, இதுலயும் பேச முடியாது, ஆனா தினம் ஒரு மணி நேரமாவது வெளிய வந்து நடக்க விடணும், சாப்பாட்ட இன்னொரு கைதியோடயாவது சேந்து சாப்பிட விடணும். இது மூணு மாசம் வரைக்கும் போகலாம், ஆனா ஒரு மாசத்துக்கு மேலன்னா சூப்பிரண்டு ஒருத்தரே முடிவு பண்ண முடியாது, சிறைத்துறை தலைவர் முன்கூட்டியே ஒப்புதல் குடுத்திருக்கணும்.

அதனால தம்பிய பாக்குறப்போ "தனியா இருக்கியா"ன்னு மட்டும் கேக்காதீங்க. வெளிய விடுறாங்களா, யாரோட சாப்பிடுற, எதிர்ல வேற ஆளுங்க தெரியுறாங்களான்னு கேளுங்க. பேப்பர்ல பிரிச்சு வச்சிருக்கோம்னு எழுதிட்டு நெசத்துல 24 மணி நேரமும் பூட்டி வச்சிருந்தா அது செல் அடைப்புதான், அப்ப மூணு மாச கணக்கு செல்லாது, 14 நாள் கணக்குதான்.

14 நாள் முடிஞ்சதும் ஒரு நாள் வெளிய விட்டுட்டு திரும்ப உள்ள போடுறாங்களே, அது சரியா?

சரி இல்ல. எத்தனை நாள் அடைச்சீங்களோ அதே அளவு நாளாவது வெளிய விட்டுட்டுத்தான் அடுத்த செல் தண்டனை குடுக்க முடியும், இது சட்டத்துலயே எழுதியிருக்கு. சும்மா சொன்னா புரியாது, ஒரு உதாரணத்துக்கு தேதி போட்டு பாப்போம்.

ஏப்ரல் 3ஆம் தேதி சோதனைல ஒரு தண்டனைக் கைதியோட படுக்கைக்கு அடில செல்போன் கிடைக்குதுன்னு வச்சுக்குங்க. அன்னிக்கே செல்லுல போட்டாச்சு. 3லேர்ந்து எண்ணுனா 16ஆம் தேதியோட 14 நாள் முடிஞ்சுது. 17ஆம் தேதி பழைய பிளாக்குக்கு அனுப்புறாங்க. 18ஆம் தேதி காலைல வார்டன எதிர்த்து பேசுனான்னு சொல்லி மறுபடியும் செல்லு, மறுபடியும் 14 நாள். எதிர்த்து பேசுனது நெசமாவே இருக்கட்டும், அதுக்கு வேற தண்டனை இருக்கு, எச்சரிக்கை குடுக்கலாம், சலுகைய வெட்டலாம், ஆனா செல்லு மட்டும் குடுக்க முடியாது. 17லேர்ந்து 30 வரைக்கும் 14 நாள் இடைவெளி போகணும், அதனால மே 1ஆம் தேதிக்கு முன்னாடி அந்த ஆளுக்கு புதுசா செல் தண்டனையே போட முடியாது. 18ஆம் தேதி போட்ட உத்தரவ விசாரிச்சு பாக்கணும்னு கூட அவசியம் இல்ல, தேதிய பாத்தாலே செல்லாதுன்னு தெரிஞ்சுரும்.

இதுக்கு சில எடத்துல ஒரு குறுக்குவழி பிடிப்பாங்க, 14 நாள் செல்லு முடிஞ்சதும் "இப்ப இது செல் அடைப்பு இல்ல, பிரிச்சு வைக்கிறது"ன்னு பேர மாத்தி அதே ரூம்ல வச்சிருப்பாங்க. இதையும் 47வது பிரிவு அடைச்சிருக்கு, ஒரே தப்புக்கு ரெண்டு தண்டனை சேத்து குடுக்கலாம்தான், ஆனா செல் அடைப்பையும் பிரிச்சு வைக்கிறதையும் ஒட்ட வச்சு மொத்த தனிமை நாள நீட்டக்கூடாதுன்னு அதுலயே இருக்கு. 130 வருஷத்துக்கு முன்னாடி எழுதுன சட்டம், அப்பவே இந்த வேலைய யோசிச்சு தடுத்திருக்காங்க, அப்படியும் இன்னிக்கு வரைக்கும் நடக்குதுன்னா குடும்பங்க தேதி எழுதி வைக்காததும் ஒரு காரணம். மனு பாத்துட்டு வந்ததும் ஒரு நோட்டுல என்னிக்கு உள்ள போட்டாங்க, என்னிக்கு விட்டாங்கன்னு எழுதுங்க, வேற எந்த பேப்பரும் இல்லன்னாலும் அது ஒண்ணு வேணும்.

தண்டனைய யார் குடுக்கலாம்? வார்டன் "உன்ன செல்லுல போடுறேன்"னு சொல்றாராம்.

வார்டன் போட முடியாது, ஜெயிலரும் போட முடியாது. 48வது பிரிவுப்படி சூப்பிரண்டு மட்டும்தான். அவருக்கு கீழ இருக்குற யாருக்கும் எந்த தண்டனையும், ஒரு சின்ன எச்சரிக்கை கூட, குடுக்குற அதிகாரம் கிடையாது. 46ல இருக்குற லிஸ்டுக்கு வெளிய இருக்குற தண்டனைய சூப்பிரண்டே குடுக்க முடியாது, அதுக்கு கோர்ட்டு உத்தரவு வேணும். முட்டி போட வைக்கிறது, வெயில்ல நிக்க வைக்கிறது, ஒரு ஆள் பண்ணுன தப்புக்கு பிளாக் முழுசுக்கும் சாப்பாட்ட குறைக்கிறது இதெல்லாம் அந்த லிஸ்ட்ல எங்கயும் இல்ல. அடிக்கிறது தண்டனை கணக்குலயே வராது, அது குற்றம்.

தண்டனை குடுத்ததுக்கு பேப்பர் இருக்குமா? வாயிலயே சொல்லி முடிச்சுட்டாங்க.

இருந்தே ஆகணும். ஒவ்வொரு ஜெயில்லயும் தண்டனை புத்தகம்னு ஒண்ணு இருக்கு. கைதி பேரு, பதிவு நம்பர், என்ன தப்பு, எந்த தேதி நடந்துச்சு, இதுக்கு முன்னாடி எத்தனை தப்பு பதிவாகியிருக்கு, கடைசி தப்போட தேதி என்ன, என்ன தண்டனை, எந்த தேதிலேர்ந்து நடப்புக்கு வந்துச்சு, இவ்வளவும் அதுல ஏறணும். பெரிய தப்புன்னு சொன்னா அத நிரூபிச்ச சாட்சிங்க பேரும் இருக்கணும். ஒவ்வொரு பதிவுக்கும் பக்கத்துல ஜெயிலரும் சூப்பிரண்டும் சுருக்கொப்பம் போடணும்.

மேல சொன்ன ஏப்ரல் உதாரணத்தையே எடுத்துக்குங்க. 18ஆம் தேதி பதிவ எழுதுறப்போ "கடைசி தப்பு ஏப்ரல் 3"ன்னு அவங்களே எழுதியாகணும், அதுக்கு மேல் வரில ஏப்ரல் 3லேர்ந்து 14 நாள் செல்லுன்னு இருக்கும். ரெண்டு வரியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு படிச்சா ஜட்ஜுக்கு ஒரு நிமிஷம் போதும். புத்தகத்துல பதிவே இல்லாம ஆள் செல்லுல இருந்தா அது இன்னும் மோசம், அப்ப யார் உத்தரவுல அடைச்சாங்கன்னு அவங்கதான் பதில் சொல்லணும்.

அந்த பதிவோட நகல தகவல் உரிமை சட்டத்துல கேக்கலாம். சாதாரணமா 30 நாள் ஆகும், ஆனா ஒருத்தரோட உயிர் இல்லேன்னா சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல்னா 48 மணி நேரத்துல குடுக்கணும்னு 7(1) பிரிவுல இருக்கு, மனுவுல மேலயே அத எடுத்து எழுதுங்க.

ஜட்ஜுகிட்ட கேக்காம தனியா போடக்கூடாதுன்னு ஒரு வக்கீல் சொன்னாரு, நெசமா?

நெசம், இதுதான் நிறைய பேருக்கு தெரியாத விஷயம். 1979ல திகார் ஜெயில்லேர்ந்து சுனில் பத்ரான்னு ஒரு தூக்கு தண்டனை கைதி சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதுனாரு. தனக்காக எழுதல, பக்கத்துல இருந்த பிரேம் சந்த்ங்கற இன்னொரு கைதிய, வீட்டுலேர்ந்து பணம் வாங்கித் தரச்சொல்லி ஒரு வார்டர் சித்ரவதை பண்ணுனத எழுதுனாரு. கோர்ட்டு அந்த கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவா எடுத்துக்கிச்சு. அந்த தீர்ப்புல நீதிபதி கிருஷ்ணய்யர் சொன்னது என்னன்னா, தனிச்சிறை, தண்டனை செல், சலுகைய பறிக்கிறது, தண்டிக்கிற மாதிரி வேற ஜெயிலுக்கு மாத்துறது இதெல்லாம் செஷன்ஸ் ஜட்ஜு பரிசீலிக்காம செய்யக்கூடாது, அவசரத்துல முன்னாடி சொல்ல முடியலன்னா செஞ்ச ரெண்டு நாளுக்குள்ள அவருக்கு தகவல் போயிருக்கணும்.

ஆக ஏப்ரல் 3 உதாரணத்துல 5ஆம் தேதிக்குள்ள செஷன்ஸ் ஜட்ஜுக்கு தகவல் போயிருக்கணும். உங்க மனுவுல முதல் கேள்வியா "எந்த தேதில, எந்த கடிதத்துல செஷன்ஸ் நீதிபதிக்கு தெரிவிச்சீங்க"ன்னு கேளுங்க. என் அனுபவத்துல இந்த ஒரு கேள்விக்கு பதில் வராம ஆள மட்டும் சத்தமில்லாம பழைய பிளாக்குக்கு மாத்துனதுண்டு.

ஒண்ணு மட்டும் கவனிங்க, வழக்கு நடந்த கோர்ட்டு சிவகங்கையா இருந்தாலும் ஜெயில் மதுரைல இருந்தா மதுரை செஷன்ஸ் ஜட்ஜுக்குத்தான் எழுதணும். சிவகங்கைக்கு எழுதிட்டு பதில் வரலன்னு உக்காந்திருந்தவங்கள பாத்திருக்கேன், அதுக்குள்ள நாள் ஓடிரும்.

"இது தண்டனை இல்லீங்க, அவரோட பாதுகாப்புக்குத்தான் தனியா வச்சிருக்கோம்"னு சொல்றாங்க. அப்ப என்ன பண்றது?

இதுதான் எல்லாத்தையும் விட கஷ்டமான கேள்வி, ஏன்னா சில சமயம் அது உண்மையாவே இருக்கும். எதிராளி கோஷ்டி அதே ஜெயில்ல இருந்தா தனியா வைக்கச்சொல்லி குடும்பமே கேக்குறதுண்டு. தண்டனைக் கைதிங்கள சேத்தும் வைக்கலாம் தனித்தனி செல்லுலயும் வைக்கலாம்னு அந்த 1894 சட்டத்தோட 28வது பிரிவுல இருக்கு, அதத்தான் எடுத்து காட்டுவாங்க.

ஆனா பேர மாத்துனா விஷயம் மாறாதுன்னு கோர்ட்டு தெளிவா சொல்லிருச்சு. ராஜஸ்தான்ல கிஷோர் சிங்னு ஒரு வழக்கு, 1980ல வந்தது. எட்டு மாசம் பதினோரு மாசம்னு தனி ரூம்ல அடைச்சு வச்சிருக்காங்க. என்ன காரணம்னா ஜெயிலுக்குள்ள சும்மா சுத்திட்டு இருந்தாங்க, மரியாதை இல்லாம நடந்துக்கிட்டாங்க, கைதி பத்தின விவரம் எழுதுற ஹிஸ்டரி டிக்கெட்ட கிழிச்சுட்டாங்க. இவ்வளவுதான். சுப்ரீம் கோர்ட்டு இத ஏத்துக்கல, பாதுகாப்பு பாதுகாப்புன்னு சொல்லி அடைச்சு வைக்க முடியாது, தகுந்த காரணமும் முறையான விசாரணையும் இல்லாம தனியா போடுறது செல்லாதுன்னு சொல்லிருச்சு.

பாதுகாப்புன்னு சொன்னாங்கன்னா நீங்க பாக்க வேண்டியது அவர் தினசரி எப்படி இருக்காருன்னுதான். பாதுகாப்புக்கு வச்ச ஆளுக்கு பேப்பர் படிக்க, நடக்க, குடும்பத்த பாக்க, போன் பேச தடை இருக்க காரணமே இல்ல. அதெல்லாத்தையும் நிறுத்தியிருந்தா அது தண்டனை. இன்னொண்ணு, 29வது பிரிவுல "தண்டனையா இருந்தாலும் வேற எதுக்கா இருந்தாலும்"னே போட்டிருக்கு, 24 மணி நேரத்துக்கு மேல ஒருத்தர் செல்லுல இருந்தா தினம் ஒரு தடவையாவது டாக்டரோ மருத்துவ உதவியாளரோ போயி பாக்கணும், எந்த நேரத்துலயும் அதிகாரிய கூப்பிடறதுக்கு செல்லுக்குள்ள வழி இருக்கணும். பாதுகாப்புன்னு பேர் வச்சாலும் இது ரெண்டுலேர்ந்தும் தப்பிக்க முடியாது.

என் வீட்டுக்காரர் ஆளே மாறிட்டாரு, பேசுனா பதில் இல்ல, தூங்கவே இல்லங்குறாரு. டாக்டர்கிட்ட சொல்லலாமா?

சொல்லணும் ஆச்சி, அதுவும் எழுத்துல, உடனே. தனியா அடைபட்டவங்களுக்கு தூக்கம் போறது, யாரோ கூப்பிடுற மாதிரி கேக்குறது, சின்ன சத்தத்துக்கு கூட பதறுறது, தன்னையே காயப்படுத்திக்கிறது எல்லாம் வரும். உலக அளவுல ஐநா 2015ல ஏத்துக்கிட்ட மண்டேலா விதிகள்ல, மனுஷ தொடர்பே இல்லாம ஒரு நாளைக்கு 22 மணி நேரம் இல்ல அதுக்கு மேல அடைக்கிறததான் தனிமைச் சிறைன்னு சொல்றாங்க, அது தொடர்ந்து 15 நாளுக்கு மேல போகவே கூடாதுன்னு வச்சிருக்காங்க. ஏற்கனவே மனநோய் இருக்குறவங்களுக்கு, அது அதிகமாகும்னா, தனிமை தண்டனையே கூடாதுங்குது.

நம்ம 1894 சட்டத்துலயே ஒரு நல்ல பிரிவு கிடக்கு, யாரும் பயன்படுத்துறதில்ல. 14வது பிரிவு. ஜெயில் நடத்துற விதத்தால ஒரு கைதியோட மனசு பாதிக்கப்படுது, இல்ல பாதிக்கப்படும் போல இருக்குன்னு டாக்டருக்கு தோணுனா அவர் சூப்பிரண்டுக்கு எழுத்துல அறிக்கை குடுத்தே ஆகணும், அந்த அறிக்கையும் அதுல சூப்பிரண்டு போட்ட உத்தரவும் உடனே சிறைத்துறை தலைவருக்கு போகணும். அதனால நீங்க ஜெயில் மருத்துவ அலுவலர் பேர்லயே ஒரு கடிதம் எழுதுங்க, "இன்ன தேதில மனு பாத்தேன், இப்படி இருந்தாரு, 14வது பிரிவுப்படி பாத்து அறிக்கை குடுங்க"ன்னு. என்ன பேசுனாரு, கண்ணு எப்படி இருந்துச்சு, கைல காயம் இருந்துச்சான்னு பாத்தத மட்டும் எழுதுங்க, கூட்டி எழுத வேணாம். பதிவு தபால்ல அனுப்பி ரசீத பத்திரமா வைங்க.

தண்டனைல இருக்காரு, மனு கிடையாதுன்னு கேட்லயே திருப்பி அனுப்பிட்டாங்க.

விடிய எந்திரிச்சு பிள்ளைகள கூட்டிக்கிட்டு போறவங்கள அப்படி திருப்பி அனுப்புறது பெரிய கொடுமை. சலுகைய கொஞ்ச நாள் வெட்டுறது தண்டனை லிஸ்ட்ல இருக்கு, ஆனா அதுவும் சூப்பிரண்டு உத்தரவா புத்தகத்துல ஏறியிருக்கணும், கேட்ல நிக்கிறவர் வாய் வார்த்தையா சொல்ல முடியாது. எந்த தேதி வரைக்கும்னு எழுதி கேளுங்க. வக்கீல பாக்குறத எந்த தண்டனையாலயும் தடுக்க முடியாது, அதனால அன்னிக்கே வக்கீல அனுப்புங்க. வக்கீலுக்கு காசு இல்லன்னா கவலைப்படாதீங்க, காவல்ல இருக்குற யாரா இருந்தாலும் வருமானம் பாக்காம இலவச சட்ட உதவி உண்டு.

கோர்ட்டு தீர்ப்புலயே தனிச்சிறைன்னு எழுதுனா?

ரொம்ப அபூர்வம், ஆனா சட்டத்துல இருக்கு. முன்னாடி இந்திய தண்டனை சட்டம் 73, 74, இப்ப 2024 ஜூலைலேர்ந்து பாரதிய நியாய சன்ஹிதா 11, 12. கடுங்காவல் தண்டனைக்கு மட்டும்தான், மொத்தமா மூணு மாசத்துக்கு மேல போகாது, ஒரே தடவைல 14 நாளுக்கு மேல கிடையாது.

தூக்கு தண்டனைன்னா தனியாத்தானே வைப்பாங்க?

எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க, அப்படி இல்ல. 1978ல அதே சுனில் பத்ராவோட முதல் வழக்குல அஞ்சு நீதிபதிங்க பெஞ்ச் தீர்த்து வச்சுது. அப்பீல், கருணை மனு எல்லாம் முடிஞ்சு இனி எதுவுமே பாக்கி இல்லங்கற நிலைமைக்கு வந்தாதான் தூக்கு கைதிய தனி செல்லுல காவலோட வைக்கச் சொல்ற, 1894 சட்டத்தோட 30வது பிரிவு பொருந்தும், அப்பவும் அது காவலுக்குத்தானே தவிர தனிமைச் சிறை தண்டனை இல்ல. 2022ல பி.ஏ. உமேஷ் வழக்குல, பெலகாவி ஜெயில்ல வருஷக்கணக்கா சட்டவிரோதமா தனியா வச்சிருந்ததயும் கணக்குல எடுத்துதான் சுப்ரீம் கோர்ட்டு தூக்கு தண்டனைய ஆயுள் தண்டனையா குறைச்சுது.

செல்லுலேர்ந்து வெளிய விட்டுட்டாங்க. இனிமே எதுக்கு மனு, விட்டுரலாமா?

விடாதீங்கன்னுதான் சொல்லுவேன். நாள் முடிஞ்சாலும் புத்தகத்துல ஏறுன வரி அப்படியே இருக்கும். ரெமிஷன் வெட்டு வரும், முன்விடுதலைக்கு பேர் போறப்போ நடத்தை சரியில்லன்னு அந்த வரியத்தான் எடுத்து காட்டுவாங்க, பரோல் கேட்டாலும் அதுதான் முன்னாடி வரும். நம்ம காளையார்கோவில் பக்கம் புரசடை உடைப்புல திறந்தவெளி சிறை இருக்குல்ல, அங்க போனா விவசாய வேலை, கொஞ்சம் காத்தாட இருக்கலாம், வீட்டுக்கும் பக்கம். அதுக்கு நல்ல நடத்தை பாத்துத்தான் ஆள் எடுப்பாங்க. தப்பா ஏத்துன ஒரு பதிவு அந்த வாய்ப்ப கெடுத்துரும். அதனால அந்த உத்தரவ ரத்து பண்ணச் சொல்லி கேக்கணும்.

சரிண்ணே, எங்க எழுதணும், என்ன எழுதணும்?

மூணு எடத்துக்கு ஒரே கடிதம் போதும். ஜெயில் இருக்குற மாவட்டத்தோட முதன்மை மாவட்ட மற்றும் செஷன்ஸ் நீதிபதி, அதே ஊரு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு செயலாளர், சிறை சூப்பிரண்டு. ஒரு பக்கத்துக்கு மேல வேணாம். கைதி பேரு, கைதி நம்பர், எந்த பிளாக், என்னிக்கு செல்லுல போட்டாங்க, உங்களுக்கு எப்படி தெரிஞ்சுது, ஆள் இப்ப எப்படி இருக்காரு. அதுக்கு கீழ நாலே கேள்வி: சூப்பிரண்டு உத்தரவு தேதி என்ன, தண்டனை புத்தகத்துல பதிவு இருக்கா, செஷன்ஸ் நீதிபதிக்கு எப்ப தெரிவிச்சீங்க, டாக்டர் எந்தெந்த தேதில பாத்தாரு.

எழுத தெரியலன்னா 15100க்கு போன் பண்ணுங்க, சட்ட உதவி நம்பர், காசு கிடையாது. சிவகங்கை கோர்ட்டு வளாகத்துல இருக்குற சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்கு நேராவும் போகலாம், அவங்க மதுரைக்கு அனுப்பி வைப்பாங்க. உள்ள இருக்குறவங்களும் ஜெயில்ல இருக்குற புகார் பெட்டில போடலாம், அதுவும் சுனில் பத்ரா ரெண்டாவது தீர்ப்புல சொன்ன பெட்டிதான். ஆனா பயந்துகிட்டு போடலன்னா அவங்கள வற்புறுத்தாதீங்க, வெளியேர்ந்து நீங்க எழுதுங்க.

அடிச்சிருக்காங்க, ஆள காட்டவே மாட்டேங்கறாங்க, இல்ல 14 நாள் தாண்டியும் உள்ளயே வச்சிருக்காங்கன்னா கடிதத்துக்கு பதில் வரட்டும்னு காத்திருக்காதீங்க. நேரா ஐகோர்ட்டு மதுரை கிளைல வக்கீல் மூலமா மனு போடுங்க, சிவகங்கை, புதுக்கோட்டை, மதுரை எல்லாமே அந்த கிளைக்குள்ளதான் வருது. போறப்போ தேதி எழுதுன நோட்டு, பதிவு தபால் ரசீது, மனு பாத்த சீட்டு எது இருந்தாலும் கையோட எடுத்துட்டு போங்க.